எல்லைத் தூணும் நடு மூன்றிலொன்றும்

கொழும்பு நகரின் வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றினுள் நடந்து செல்பவர், இருமருங்கும் ஒன்றையொன்று தோளோடு தோள் உரசி நிற்கும் மாடிக் கட்டடங்களைக் காண்பர். ஒரு காலத்தில் முற்றமும் தென்னையும் சூழத் தனித்தனி வீடுகள் நின்ற நிலத்துண்டுகள் இவை. ஆறு பேர்ச் நிலமெனின் அது ஏறக்குறைய நூற்றைம்பது சதுர மீற்றர். ஒன்பது மீற்றர் அகலமும் பதினேழு மீற்றர் நீளமும் கொண்ட ஒரு துண்டு. அத்தகைய நிலத்தில் வீடு கட்டுவோர் ஓரடி நிலத்தையும் இழக்க மனங்கொள்ளார். ஆதலின் பக்கத்துச் சுவர் எல்லைக் கோட்டின் மீதே எழும்; அச்சுவரினுள் அடங்கிய தூண்களும் எல்லையைத் தொட்டே நிற்கும். தூணின் பாரம் நிலத்தின் மீது பரவ வேண்டுமாயின் அதன் அடியில் அகன்ற கொங்கிறீற்றுப் பாதம் ஒன்று வேண்டும். அப்பாதமோ அயலவர் காணியினுள் நீள முடியாது. ஒரு பக்கம் மட்டுமே நீளலாம். தூண் பாதத்தின் நடுவில் நில்லாது ஓரத்தில் நிற்கும் நிலை இவ்வாறே தோன்றுகின்றது. நிலத்தின் விலை உண்டாக்கிய இச்சிக்கலை நிலத்தின் அடியிலேதான் தீர்த்தாக வேண்டும்.

இச்சிக்கலின் இயல்பை விளங்கிக்கொள்ள, வெள்ளவத்தைக் கரையிலிருந்து புறப்படும் ஒரு சிறு தோணியை நினைத்தல் போதும். தோணியின் நடுவில் ஒருவர் அமர்ந்திருப்பின் அது சமமாக அமிழ்ந்து மிதக்கும். அவர் ஒரு பக்கம் சற்று நகர்ந்தால் அப்பக்கம் தாழும், மறுபக்கம் உயரும். விளிம்பிலேயே சென்று அமர்ந்தால் தோணி கவிழும். நீர் தோணியைத் தாங்குவதுபோல நிலம் பாதத்தைத் தாங்குகின்றது. எங்கே கூடுதலாக அமிழ்கின்றதோ அங்கே கூடுதலாக மேல்நோக்கித் தள்ளுகின்றது. ஒப்புமை இவ்வளவிலே நிற்கும்; ஏனெனில் நீர் நசுங்குவதில்லை, நிலமோ ஓரளவுக்கு மேல் நசுங்கி விலகும்.

பாதத்தின் மீது வரும் எல்லா விசைகளும் சேர்ந்து உண்டாக்கும் ஒரே விசைக்கு விளையுள் என்று பெயர். தூணின் நிலைக்குத்துப் பாரமும், காற்றினாலோ வளைகளின் இழுப்பினாலோ தூணின் அடியில் வந்துசேரும் திருப்பமும் இதில் அடங்கும். திருப்பத்தைப் பாரத்தால் வகுத்தால், விளையுள் பாதத்தின் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகிச் செல்கின்றது என்பது கிடைக்கும். இதுவே மைய விலகல். இதனை e என்றும், விலகல் நிகழும் திசையிலே பாதத்தின் அகலத்தை B என்றும் குறிப்பது வழக்கம்.

ஓர் எடுத்துக்காட்டு. 1.8 மீற்றர் அகலமும் 2 மீற்றர் நீளமும் கொண்ட பாதமொன்றின் மீது 600 கிலோ நியூற்றன், அதாவது ஏறக்குறைய அறுபது தொன், பாரம் வருகின்றது. பாரம் நடுவில் வரின் நிலத்தின் மீது அமுக்கம் எங்கும் சமமாகச் சதுர மீற்றருக்கு 167 கிலோ நியூற்றன் ஆகும். அதே பாரத்தோடு 90 கிலோ நியூற்றன் மீற்றர் திருப்பமும் வரின் மைய விலகல் 0.15 மீற்றர். அப்போது அமுக்கம் ஒரு விளிம்பில் 250 ஆக ஏறி மறுவிளிம்பில் 83 ஆக இறங்கும். திருப்பம் இருமடங்காயின் விலகல் 0.3 மீற்றர், ஒரு விளிம்பில் 333, மறுவிளிம்பில் சுழியம். இந்த 0.3 மீற்றர் என்பது 1.8 மீற்றரின் ஆறிலொரு பங்கு. மையத்தின் இருமருங்கும் ஆறிலொரு பங்கு எடுத்தால் நடுவே மூன்றிலொரு பங்கு அமைகின்றது. விளையுள் இந்த நடு மூன்றிலொன்றினுள் நிற்குமளவும் பாதத்தின் அடிப்பரப்பு முழுவதும் நிலத்தை அழுத்திக்கொண்டிருக்கும். அதனைக் கடந்தால் மறுவிளிம்பு நிலத்தை விட்டு எழ முனையும். இக்கணக்கிற்கு அடிப்படையான சூத்திரம் இது:

```
q = (P / BL) (1 ± 6e / B)        e ≤ B/6
```

இதில் P பாரம், L பாதத்தின் நீளம், q விளிம்பின் அமுக்கம். e, ஆறிலொரு பங்கினை எட்டும்போது அடைப்பினுள் கழித்தல் குறி கொண்ட பகுதி சுழியமாவதைக் காணலாம். அதற்கும் அப்பால் சூத்திரம் எதிர்மறை அமுக்கத்தைக் கூறும். அதாவது நிலம் பாதத்தைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருக்க வேண்டுமென்று கூறும். நிலத்திற்கு அவ்வாற்றல் இல்லை. ஆகவே அந்நிலையில் அச்சூத்திரத்தை வைத்துக் கணக்கிடுவது பிழை. மாணவர் விடைத்தாள்களில் மட்டுமன்றி, மெய்யான வரைபடங்களோடு வரும் கணக்குத் தாள்களிலும் இப்பிழை இடம்பெறுவதுண்டு.

நடு மூன்றிலொன்று என்னும் விதி மண்ணிலிருந்து பிறந்ததன்று; கல்லிலிருந்து பிறந்தது. கல்லை அடுக்கிக் கட்டிய சுவரின் மூட்டுகள் நெருக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்கா. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1907 முதல் 1912 வரையான காலத்தில் கருங்கல்லாற் புதுக்கிய ஸ்ரீ பொன்னம்பலவாணேசர் கோயிலின் தூண்களைப் பார்ப்பவர், கல்லின் மீது கல் தன் எடையினாலேயே அமர்ந்து நிற்பதை உணர்வர். அத்தகைய கட்டடத்தில் விளையுள் ஒவ்வொரு மூட்டின் நடுப்பகுதியிலும் செல்லுமாயின் மூட்டு எங்கும் மூடியே இருக்கும். விலகிச் சென்றால் ஒரு பக்கம் வாய் திறக்கும்.

வாய் திறப்பதனால் விளையும் கேடு எத்தகையது என்பதைப் பிரான்சு நாட்டின் பூசே அணை உலகுக்குக் காட்டிற்று. கல்லாற் கட்டிய அவ்வணை 1895 ஏப்பிரல் 27 இல் உடைந்து, எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அணையின் நீர்ப்பக்கத்துக் கல்வேலையில் இழுவை தோன்றி மூட்டுத் திறந்ததும், திறந்த மூட்டினுள் நீர் புகுந்து மேற்பகுதியை உயர்த்தியதும் அழிவுக்குக் காரணங்களாயின. அணைக்கு நடு மூன்றிலொன்று உயிர்நாடியாயிருப்பது இதனாலேயே: வாய் திறந்தவிடத்தில் நீர் நுழையும். வீட்டுத் தூணின் பாதத்தில் ஒரு விளிம்பு சிறிது எழுவது அத்துணை உடனடிக் கேடன்று. விதி ஒன்றே, அதை மீறுவதன் விளைவு இடத்திற்கேற்ப வேறுபடும்.

மண்ணைப் பொறுத்தவரை வேறொரு கேள்வியே முதன்மையானது. விளிம்பின் அமுக்கம் எவ்வளவு என்பதன்று அக்கேள்வி. மண் முற்றாக நசுங்கி விலகுமுன் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதே. நேர்கோட்டில் ஏறியிறங்கும் அமுக்கம், மண் ஒரு வில்லைப்போல இயங்கும்வரைதான் உண்மைக்கு அண்மையானது. மண் விளிம்பில் நசுங்கத் தொடங்கியதும் அமுக்கம் உள்நோக்கிப் பரந்துவிடும். இந்நிலைக்கேற்ற எளிய வழியொன்றை மேயர்ஹோவ் என்னும் அறிஞர் 1953 இல் சூரிச் நகரில் நடைபெற்ற மண் பொறியியல் மாநாட்டிலே முன்வைத்தார். பாரம் எவ்விடத்தில் விழுகின்றதோ அவ்விடமே நடுவாக அமையும்படி பாதத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளல் வேண்டும். எஞ்சிய பகுதி இல்லையென்றே கருதல் வேண்டும். அப்பகுதியின் அகலமே பயன்படு அகலம்.

```
B' = B − 2e
```

சூத்திரத்தை மனனஞ் செய்வதிலும் அதன் பொருளை நினைவிற்கொள்ளுதல் மேல். விளையுளிலிருந்து அண்மையிலுள்ள விளிம்பிற்கு உள்ள தூரத்தை அளந்து, அதனை இரட்டித்தால் பயன்படு அகலம் கிடைக்கும். மேற்கூறிய பாதத்தில் விலகல் 0.15 மீற்றராயின் பயன்படு அகலம் 1.5 மீற்றர், அதன்மீது சமமான அமுக்கம் 200, விலகல் 0.3 ஆயின் அகலம் 1.2, அமுக்கம் 250. நேர்கோட்டு முறை தரும் 333 உடன் ஒப்பிடுகையில் இது குறைவாகத் தோன்றலாம். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடைகளாதலின் ஒன்றை மற்றதற்குப் பதிலாக வைத்தல் ஆகாது. முன்னையது பாதம் எப்பக்கம் சாயும், எவ்வளவு சீரின்றி அமரும் என்பதைச் சுட்டும். பின்னையது மண் உடையுமா என்பதைச் சுட்டும்.

பயன்படு அகலம் குறைவது பரப்பை மட்டும் குறைக்கின்றதென்று எண்ணுதல் தவறு. மணலில், தாங்குதிறனின் ஒரு பகுதி அகலத்தோடு கூடிக் குறைவது. அகன்ற பாதம் ஆழமான மணலை அசைத்தே விலக வேண்டியிருப்பதால் சதுர மீற்றர் ஒவ்வொன்றிலும் கூடுதலாகத் தாங்கும். எனவே மணலின் மேற்பரப்பிலே நீண்டு கிடக்கும் பாதமொன்று நடுவில் 900 பங்கு தாங்குமெனின், விலகல் ஆறிலொரு பங்கானதும் அகலம் மூன்றில் இரண்டாகி, தாங்கும் பாரம் 400 பங்காக வீழும். களிமண்ணில் அதே விலகலுக்கு 600 பங்கு எஞ்சும். கடலோர மணலில் நிற்கும் வெள்ளவத்தைக் கட்டடத்திற்கு இவ்வேறுபாடு சிறிதன்று. பாதத்தை ஆழத்தில் புதைத்தால் மேலிருக்கும் மண்ணின் எடையும் துணைபுரிவதால் இழப்பு அவ்வளவு கடுமையாயிராது.

இனி எல்லைத் தூணுக்கு வரலாம். 30 சதம மீற்றர் சதுரத் தூண் எல்லைக் கோட்டைத் தொட்டு நிற்கின்றது. பாரம் முன்போலவே 600 கிலோ நியூற்றன். தூணின் மையம் எல்லையிலிருந்து 0.15 மீற்றர். அதன் அடியில் அதே 1.8 மீற்றர் அகலப் பாதத்தை எல்லையிலிருந்து உள்நோக்கி அமைத்தால் பாதத்தின் மையம் எல்லையிலிருந்து 0.9 மீற்றர், மைய விலகல் 0.75 மீற்றர். நடு மூன்றிலொன்றின் எல்லை 0.3 மீற்றரேயாதலின் விளையுள் அதனை வெகுவாகக் கடந்துவிட்டது. பயன்படு அகலம் 1.8 இலிருந்து 1.5 போக 0.3 மீற்றர். அறுநூறு கிலோ நியூற்றன் பாரத்தை 0.3 மீற்றர் அகலமும் 2 மீற்றர் நீளமும் கொண்ட கீற்றே சுமக்கின்றது. அமுக்கம் சதுர மீற்றருக்கு 1000 கிலோ நியூற்றன். நேர்கோட்டு முறையில் நோக்கின் விளிம்பின் அமுக்கம் 1333. பாதத்தின் முழுப்பரப்பால் வகுத்து 167 என்று கணக்கிட்டவர் ஆறு மடங்கு ஏமாந்துபோகின்றார்.

இந்நிலையில் கட்டுவோர் முதலிற் கூறும் யோசனை பாதத்தைப் பெரிதாக்குவோம் என்பதே. உள்நோக்கி 1.8 மீற்றருக்குப் பதிலாக 3 மீற்றர் நீட்டினால் என்ன? மையம் 1.5 மீற்றருக்குச் செல்லும், விலகல் 1.35 ஆகும், பயன்படு அகலம் 3 இலிருந்து 2.7 போக மீண்டும் 0.3 மீற்றர். பத்து மீற்றர் நீட்டினும் விடை இதுவே. ஏனெனில் பயன்படு அகலம் விளையுளிலிருந்து அண்மை விளிம்புக்குள்ள தூரத்தின் இருமடங்கு. அத்தூரத்தையோ எல்லைக்கோடு நிருணயித்துவிட்டது. உள்ளே ஊற்றும் கொங்கிறீற்றெல்லாம் பணத்தை மண்ணிற் புதைத்ததாகவே முடியும். எல்லை நெடுகப் பாதத்தை நீட்டினால் மட்டும் பரப்புக் கூடும், ஆனால் 0.3 மீற்றர் அகலக் கீற்றைக் கொண்டு, மண் சதுர மீற்றருக்கு 150 கிலோ நியூற்றன் மட்டுமே தாங்குமெனின், 13 மீற்றருக்கு மேல் நீளம் வேண்டும். அடுத்த தூணின் பாதமும் அடுத்ததன் பாதமும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

மெய்யான கட்டடங்கள் பல இத்தகைய பாதங்களோடும் விழாமல் நிற்கின்றனவே என்று ஐயுறுதல் இயல்பு. அவை நிற்பதன் காரணம் பாதமன்று, தூண். பாதத்தின் வெளிவிளிம்பு அமிழ முனையும்போது உள்விளிம்பு எழ முனைகின்றது. அதனோடு சேர்ந்து தூணின் அடியும் திரும்ப முனைகின்றது. தூணின் மேல்முனை அயலவர் பக்கம் சாய எத்தனிக்க, முதல் மாடியின் வளை அதனை உட்பக்கமாக இழுத்துப் பிடிக்கின்றது. இவ்வாறு தூண் வளைந்து பாதத்தைத் திருப்பிப் பிடிப்பதால், நிலத்தின் மறுதாக்கம் சிறிது உள்நோக்கி நகருகின்றது. ஆனால் அதற்கும் எல்லையுண்டு. 1.5 மீற்றர் அகலப் பாதத்தின் கீழ் அமுக்கம் முற்றிலும் சமமாக வேண்டுமாயின் மறுதாக்கம் தூணின் மையத்திலிருந்து 0.6 மீற்றர் உள்ளே வரல் வேண்டும். அதற்குத் தூணின் அடி 360 கிலோ நியூற்றன் மீற்றர் திருப்பத்தைத் தாங்க வேண்டும். 30 சதம மீற்றர் சதுரத் தூணுக்கு அது இயலாத காரியம். நான்கரை மீற்றர் மேலேயுள்ள வளையின் மீதும் ஏறக்குறைய 80 கிலோ நியூற்றன் இழுவை வந்துசேரும்.

தூண் வளைவதால் தோன்றும் வெடிப்பு எங்கே தோன்றும் என்பதை அறிதல் பயனுடையது. இழுவை தூணின் வெளிமுகத்தில், அதாவது அயலவர் சுவரை நோக்கிய முகத்தில் நிகழும். கிடையான மயிரிழை வெடிப்புகள் அம்முகத்திலேயே தோன்றும். இரு கட்டடங்களுக்குமிடையில் கை நுழையவும் இடமில்லாத வெள்ளவத்தை ஒழுங்கையில் அதனைப் பார்ப்பார் யாருமில்லை. உள்ளேயிருப்பவர்க்குக் கிடைக்கும் அறிகுறிகள் மறைமுகமானவை. முதல் மாடி வளை எல்லைத் தூணோடு சேருமிடத்தில் நிலைக்குத்தான வெடிப்பு. எல்லைச் சுவருக்கும் குறுக்குச் சுவருக்கும் இடையில் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் திறக்கும் பிளவு. எல்லை ஓரத்து நிலத்தளம் சரிந்து, கொட்டிய நீர் அப்பக்கம் ஓடுதல். எல்லைச் சுவரை அடுத்த அறைக் கதவு நிலையில் இறுகுதல் முதலியன. சுவரின் மீது தூக்குக்குண்டு விட்டு மூன்று மாதத்திற்கொருமுறை அளந்து எழுதிவைப்பின், சாய்வு நின்றுவிட்டதா வளருகின்றதா என்பது ஓராண்டில் தெளிவாகும். வெடிப்பின் அகலத்தினும் அது வளரும் வேகமே கூடுதலான செய்தியைத் தரும்.

சிக்கலைத் தீர்க்கும் முறைகளுள் கொழும்பின் ஒடுங்கிய காணிகளுக்கு மிகப் பொருந்துவது இணைப்பு வளை. எல்லைத் தூணின் பாதத்தையும் அதற்கு எதிரே உள்ளே நிற்கும் தூணின் பாதத்தையும் வலிய வளையொன்றினால் பிணைப்பதே இம்முறை. பாதத்தைத் திருப்பிப் பிடிக்கும் வேலையை மெலிந்த தூணிடமிருந்து பறித்துத் தடித்த வளையிடம் கொடுப்பதே இதன் உட்கருத்து. நிறைகோலின் ஒரு தட்டிலே எல்லைத் தூணும் மறுதட்டிலே உள்தூணும் நிற்கின்றன எனலாம்.

கணக்கு நீண்டதன்று. உள்தூணின் பாரம் 900 கிலோ நியூற்றன் என்றும், இரு தூண்களின் மையங்களுக்கிடையே 4.5 மீற்றர் என்றும் கொள்க. எல்லைப் பாதத்தின் அகலம் 1.5 மீற்றர் எனத் தெரிந்தால் அதன் மையம் தூணின் மையத்திலிருந்து 0.6 மீற்றர் உள்ளே அமையும். அங்கிருந்து உள்தூணுக்கு 3.9 மீற்றர். உள்தூணைப் பற்றித் திருப்பம் எடுத்தால் எல்லைப் பாதத்தின் மறுதாக்கம் 600 ஐ 4.5 ஆற் பெருக்கி 3.9 ஆல் வகுக்கக் கிடைப்பது, அதாவது 692 கிலோ நியூற்றன். மொத்தப் பாரம் 1500 ஆதலின் உள்பாதத்திற்கு எஞ்சுவது 808. எல்லைப் பாதம் தன் தூணின் பாரத்திலும் 92 கூடுதலாகச் சுமக்கின்றது. உள்பாதம் அதே 92 குறைவாகச் சுமக்கின்றது. இப்போது இரு பாதங்களிலும் விளையுள் நடுவிலேயே விழுவதால் மைய விலகல் இல்லை, அகலம் முழுவதும் பயன்படுகின்றது. மண் 150 தாங்குமெனின் எல்லைப் பாதத்திற்கு 1.5 மீற்றர் அகலமும் 3.1 மீற்றர் நீளமும், உள்பாதத்திற்கு 2.35 மீற்றர்ச் சதுரமும் போதும். பாதங்களின் சொந்த எடைக்காகச் சிறிது கூட்டிக்கொள்ளல் வேண்டும்.

வளையின் திருப்பம் எல்லையிலிருந்து 1.3 மீற்றர் தூரத்தில் உச்சத்தை எட்டி 300 கிலோ நியூற்றன் மீற்றர் ஆகின்றது. 35 சதம மீற்றர் அகலமும் 75 சதம மீற்றர் ஆழமும் கொண்ட வளைக்கு 25 மில்லிமீற்றர் விட்டமுடைய முறுக்குக் கம்பிகள் நான்கு ஏறக்குறையப் போதுமானவை. அவற்றை எங்கே வைப்பது என்பதே முக்கியம். தூண்களுக்கிடையே தொங்கும் சாதாரண வளையில் கீழ்ப்பக்கம் இழுபடும். மேசன்மாரின் கைப்பழக்கமும் பெரிய கம்பிகளைக் கீழே இடுவதே. இணைப்பு வளையிலோ ஒரு முனையைத் தூண் கீழே அழுத்த, சற்று உள்ளே பாதம் மேலே தள்ள, மேற்பக்கமே இழுபடுகின்றது. எனவே பெரிய கம்பிகள் மேலே இருக்க வேண்டும். எல்லைத் தூணைக் கடந்து முனைவரை சென்று கீழ்நோக்கி வளைந்து பிடிப்புப் பெற வேண்டும். கம்பி கட்டி முடிந்தபின், கொங்கிறீற்று ஊற்றுமுன், கிடங்கினுள் இறங்கிப் பார்ப்பவர் முதலிற் பார்க்க வேண்டியது இதையே. தலைகீழாய்க் கட்டிய கூட்டை ஊற்றிய பின் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு செய்தி வளையின் அடியைப் பற்றியது. வளை இரு பாதங்களையும் பிணைப்பதற்கேயன்றித் தானும் நிலத்தின் மீது அமர்வதற்கன்று. அது மண்ணில் அமர்ந்தால் மண் அதனையும் மேலே தள்ளும். மேலே எழுதிய கணக்குக் குலையும். ஆதலின் வளையின் அடியில் இளகிய மண்ணையோ நசுங்கக்கூடிய பலகையையோ இட்டு இடைவெளி விடுதல் வழக்கம்.

நிறைகோலுக்கு இரு தட்டும் வேண்டும். உள்தூண் குறைந்தது 92 கிலோ நியூற்றன் நிலையான பாரத்தைக் கொண்டிராவிடின் வளையின் உள்முனை எழும். 900 சுமக்கும் தூணுக்கு இது பொருட்டன்று என்று தோன்றலாம். ஆனால் வேலை நடக்கும்போது எல்லைச் சுவரை மாடிமாடியாக முதலில் எழுப்பிவிட்டு உட்பகுதியைப் பின்னர் கட்டும் வழக்கம் உண்டு. அதனினும் ஆபத்தானது, பல்லாண்டு கழித்துக் கீழ்த்தளத்தைக் கடையாக்கவோ வாகனத் தரிப்பிடமாக்கவோ விரும்பி, இடைஞ்சலாக நிற்கும் உள்தூணொன்றை அகற்றுவது. மேலேயுள்ள பாரத்தைப் புதிய வளையினால் ஏந்தி அயல் தூண்களுக்கு மாற்றிவிட்டோம் என்று நிறைவடைவோர், அத்தூண் நிலத்தின் கீழே வேறொரு தூணைப் பிடித்துக்கொண்டிருந்ததை அறியார். வீட்டின் பழைய வரைபடத்தைப் பேணி வைத்திருத்தல் இத்தகைய வேளையிற் கைகொடுக்கும்.

விளையுள் நடு மூன்றிலொன்றினுள் நின்றுவிட்டால் கட்டடம் காப்புடையது என்று முடிவு செய்தலும் ஆகாது. இதற்கு உலகறிந்த சான்று பீசா நகரின் சாய்ந்த கோபுரம். ஏறக்குறைய 14,500 தொன் எடையுள்ள அக்கோபுரம் 19.6 மீற்றர் விட்டமுடைய வளைய அத்திவாரத்தின் மீது நிற்கின்றது. திடமான வட்டத்திற்கு விளையுள் நிற்கவேண்டிய எல்லை மையத்திலிருந்து விட்டத்தின் எட்டிலொரு பங்கு. நடுவே துளையுள்ள வளையத்திற்கு இது சற்றுக் கூடும். பீசாவில் அவ்வெல்லை ஏறக்குறைய 2.6 மீற்றர். கோபுரம் பெரிதும் சாய்ந்திருந்த காலத்தில் விளையுள் ஏறக்குறைய 2.3 மீற்றரே விலகியிருந்தது. விதியின்படி வடவிளிம்பு இன்னும் நிலத்தை விட்டு எழவில்லை. ஆயினும் கோபுரம் வீழ்ச்சியின் விளிம்பில் நின்றது. மெல்லிய களியின் மீது நிற்கும் உயர்ந்த கட்டடம் சிறிது சாய்ந்தால் அதன் எடை மேலும் விலகும். எடை விலகினால் மேலும் சாயும். இச்சுழலை நடு மூன்றிலொன்று அளப்பதில்லை. 1990 இல் மூடப்பட்ட கோபுரத்தின் வடபாகத்தில் 1993 இல் ஈயக்கட்டிகள் ஏற்றப்பட்டன. பின்னர் வடக்கேயுள்ள அத்திவாரத்தின் கீழிருந்து சிறிது சிறிதாக மண்ணை எடுத்து, ஏறக்குறைய ஐந்தரைப் பாகைச் சாய்வை அரைப் பாகையளவு குறைத்தனர். 2001 டிசெம்பரில் அது மீண்டும் திறக்கப்பட்டது. ஐரோப்பிய அத்திவார விதிக்கோவை, விலகல் அகலத்தின் மூன்றிலொரு பங்கைக் கடந்தால் தனிக்கவனம் வேண்டுமென்று கூறுகின்றது. அங்கே நடு மூன்றிலொன்று தடையெல்லையன்று. ஆனால் மண் உடைதல், சாய்தல் ஆகிய இரண்டையும் தனித்தனியே சோதித்தல் அங்கும் கட்டாயமே.

கொட்டாஞ்சேனையின் நிலை சற்று வேறானது. துறைமுகத்தை அடுத்த மேட்டு நிலமாகிய அங்கே கபுக் எனப்படும் செம்புறைக்கல் நிலம் மிகுதி. பழைய வீடுகளின் சுவர்களும் அக்கல்லாலேயே கட்டப்பெற்றவை. பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஒரே பொதுச்சுவரைப் பங்கிட்டு நிற்பதும் உண்டு. பொதுச்சுவரின் அத்திவாரம் இருபுறமும் படியாக விரிந்து, பாரம் நடுவிலேயே விழும்படி அமைந்தது. கட்டிய நாளில் அதற்கு விலகல் இல்லை. ஒரு வீட்டார் தம் பகுதியை இடித்து அத்திவாரத்தின் அடிமட்டம்வரை வெட்டும்போதுதான் கேடு தொடங்குகின்றது. அப்பக்கத்துக் கூரையும் தளமும் போனதும் சுவரின் மீது ஒருபக்கப் பாரமே எஞ்சுகின்றது; விளையுள் நடுவை விட்டு எஞ்சிய வீட்டின் பக்கம் நகர்கின்றது. வெட்டிய பக்கத்திலோ அத்திவாரத்தை அணைத்து நின்ற மண்ணின் எடை இல்லாது போகின்றது. அகலமும் குறைந்து, புதைந்த ஆழத்தின் துணையும் குறைகின்றது. உலர்ந்த செம்புறை நிலத்தின் வெட்டுமுகம் சில நாள் செங்குத்தாக நிற்பதைக் கண்டு வேலையாட்கள் துணிவு கொள்வர். ஒக்டோபர் மழை வந்ததும் அம்முகம் இளகும்.

இதற்குரிய முறை, எல்லையை ஒட்டி ஒரே நீளமாக வெட்டாமல் ஒரு மீற்றர் அல்லது ஒன்றரை மீற்றர்த் துண்டுகளாக, ஒன்றைவிட்டு ஒன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் கொங்கிறீற்று ஊற்றி இறுகிய பின்னரே அடுத்ததைத் தொடுவது. இதனால் வேலை சில வாரம் நீளும். வெட்டத் தொடங்குமுன் அயல் வீட்டின் சுவர்களிலுள்ள வெடிப்புகளை இரு வீட்டாரும் கூடிநின்று பார்த்து, அகலத்தைக் குறித்து, குறுக்கே சாந்துப் பொட்டு இட்டு நாளும் எழுதிவைப்பர். பொட்டு உடைந்தால் அன்றே வெட்டுவதை நிறுத்திக் கிடங்கை நிரப்புவர். காரணத்தை ஆராய்வது அதன் பின்னர்.